27 தூக்குவாளிகள்: ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதப்பட்ட விதம்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டச்சு செய்த ஒரு தாளுடன் ஓவிய அறைக்கு வந்தாள். பள்ளியின் முகப்புத் தாளில், என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டு, எல்லாம் தயாராக இருந்தது. "சார், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும். ஒரு அக்கா எழுதிய மாதிரியைப் பார்த்து நானே எழுதிவிட்டேன்" என்றாள். அமெரிக்காவில் உள்ள ஒரு நுண்கலைக் கல்லூரிக்கு அவள் விண்ணப்பிக்கிறாள். கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில்.

தாளைப் படித்தேன். நான் அவளைப் பல ஆண்டுகளாக அறிவேன், அவள் ஒழுக்கமும் பணிவும் கடின உழைப்பும் மிக்கவள், ஆசிரியர் சொல்லைத் தட்டாதவள், ஓவியத்தில் இயற்கையான திறமை கொண்டவள், பள்ளிக்குப் பல பரிசுகளைப் பெற்றுத் தந்தவள், எதிர்காலத்தில் சிறந்த கலைஞராக வருவாள். இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் இந்தத் தாளில் அவள் பெயரை எடுத்துவிட்டு அதே வகுப்பில் இன்னொரு பெண்ணின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்காது. கையெழுத்துப் போட மறுத்தேன். அவள் முகம் வாடியது. "எழுதித் தருகிறேன், ஆனால் நான் எழுதுகிறேன். பத்து நாள் கொடு. உன் ஓவிய நோட்டுகளை எல்லாம் கொண்டுவா, ஒன்பதாம் வகுப்பிலிருந்து" என்றேன்.

அந்தப் பத்து நாளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நம் ஊர்ப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருப்பவர்களுக்கு இந்த வேலை எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது. வரும்போது கையில் இருக்கும் ஒரே முன்மாதிரி நன்னடத்தைச் சான்றிதழ்தான். அந்த மாதிரியே மாணவரைக் கவிழ்த்துவிடுகிறது.

எங்கள் ஊர் கும்பகோணம். இங்கேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னை எழும்பூரில் இருப்பது 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது. இந்த இரண்டு கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர்களுக்கு நான் ஒருமுறையும் பரிந்துரைக் கடிதம் எழுதியதில்லை. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. மாணவர் நேரில் போய், தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். பிள்ளையின் கை எப்படி ஓடுகிறது, முதல் கோட்டை எங்கே போடுகிறது, தவறினால் அழிக்கிறதா, அல்லது தவறை வைத்துக்கொண்டே அடுத்த கோட்டால் திருத்துகிறதா என்பதெல்லாம் அந்த அறையிலேயே தெரிந்துவிடும். ஆசிரியரின் சொல் அங்கே எதற்கு?

கடல் கடந்த கல்லூரிக்கு அந்த அறை கிடையாது. அவர்களிடம் போய்ச் சேர்வது மாணவரின் படைப்புத் தொகுப்பு மட்டும்தான். பத்துப் பதினைந்து, சில இடங்களில் இருபது படங்கள் வரை, எல்லாம் ஒளிப்படமாக. அந்தப் படத்தை வரைய எத்தனை நாள் ஆனது, யார் உதவினார்கள், எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, அதற்கு முன்னால் எத்தனை தோல்விகள் என்று எதுவும் படத்தில் தெரியாது. தேர்வுக்கூடத்தில் மேற்பார்வையாளர் பார்ப்பதை அவர்களுக்காகப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆசிரியரின் கடிதம் அந்த ஆள். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் கடிதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் குழப்பம் வரவில்லை. படத்தில் தெரிவதை நான் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் இருப்பதையும், பரிசுப் பட்டியலில் இருப்பதையும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு மட்டும் தெரிந்தது எதுவோ, அதைச் சொல்ல வேண்டும்.

அப்படி எனக்கு என்ன தெரியும்? நோட்டுகள் வந்ததும் அதைத்தான் தேடினேன்.

பத்தாம் வகுப்பு வரை அவள் வரைந்தவை பெரும்பாலும் நடிகர் நடிகையர் முகங்கள். புகைப்படத்தின் மீது கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரைந்தவை. அப்படிப் பதினொரு முகங்கள் இருந்தன. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். உறவினர்கள் எல்லோரும் "அப்படியே இருக்கிறது" என்று மெச்சியவை. தொகுப்பில் முதல் எட்டு இடங்களை அவற்றுக்குத்தான் ஒதுக்கி வைத்திருந்தாள்.

இந்த வகைப் படத்தைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். முகத்தின் எல்லா விளிம்பும் ஒரே அளவு கூர்மையாக இருக்கும். நேரில் பார்க்கும் கண் ஒரு இடத்தை உற்றுப் பார்த்தால் மற்ற இடம் மங்கும். அந்த வேறுபாடு இதில் இராது. கண்கள் பளபளக்கும், காது மட்டும் ஏதோ ஒட்டவைத்ததுபோல் இருக்கும். கைகள் அநேகமாக எந்தப் படத்திலும் இராது. நிழல்கூட விளக்கின் திசையிலிருந்து வராமல் செல்பேசியின் ஃபிளாஷிலிருந்து வந்திருக்கும். பொறுமையும் கைத்திறனும் அவளிடம் இருக்கின்றன என்பதற்கு அவை சாட்சிதான். ஆனால் கலைக் கல்லூரி முதலில் தேடுவது, முன்னால் இருக்கும் பொருளைப் பார்த்துத் தட்டையான தாளில் கொண்டுவரும் திறமையை. புகைப்படத்தில் அந்த வேலையை ஏற்கெனவே கேமரா செய்து முடித்துவிட்டது.

பதினொன்றாம் வகுப்பு ஜூலையில் அவள் அப்பாவின் பாத்திரக் கடையிலிருந்து ஒரு பித்தளைத் தூக்குவாளியைக் கொண்டுவரச் சொன்னேன். ஓவிய அறையில் தரையில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்து வரையச் சொன்னேன். முதல் படம் அவளுடைய நோட்டில் இன்னும் இருக்கிறது. வாளியின் வாய் மாவிலைபோல இரண்டு பக்கமும் கூராக முடிகிறது. அடிப்பகுதி, அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்ததுபோல நேராக இருக்கிறது.

இந்த இரண்டு தவறும் தொடக்கநிலை மாணவர் எல்லோரும் செய்பவை, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வாளி தரையில் ஆடாமல் நிற்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். தரை தட்டை, எனவே அடியும் தட்டை என்று மனம் சொல்கிறது, கை அதைக் கேட்டு நேர்க்கோடு போடுகிறது. அறிவு கண்ணை முந்திக்கொள்கிறது. உண்மையில் மேலிருந்து பார்க்கும்போது வாளியின் வாய் ஒரு நீள்வட்டம். அடிப்பகுதி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாகத் தெரிய வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் எத்தனை குறுகினாலும் திரும்புமே தவிர, கூராக ஒடியாது.

நான் இதை அவளுக்குச் சொல்லவில்லை. "மறுபடியும் பார்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பாள், அடுத்த வாரம் வேறொரு பாத்திரத்தில் அதே தவறைச் செய்திருப்பாள். அவள் வரைந்தாள், மறுபடி வரைந்தாள். பதினான்காவது படம் வரை அடிக்கோடு நேராகவே இருந்தது. பிறகு ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் நான் பார்த்தது இது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தண்ணீரின் மேல்மட்டம் ஒரு கோடாகத் தெரிந்தது. மெல்லக் கீழே இறக்கினாள். கோடு வாய் திறந்து நீள்வட்டமானது. இன்னும் இறக்கினாள், இன்னும் திறந்தது. நாலைந்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓவிய அறைக்கு ஓடினாள். பதினைந்தாவது படத்தில் அடி வளைந்துவிட்டது.

அங்கேயும் அவள் நிற்கவில்லை. 27 படம் வரைந்தாள். இருபதுக்கு மேல் வந்தவை பிழை திருத்தம் இல்லை. வாளியைச் சாய்த்து வைத்தது, மூடியைத் திறந்து பக்கத்தில் போட்டது, கைப்பிடியின் நிழல் வயிற்றில் விழுந்து வளைவது என்று போயின. எல்லாவற்றின் கீழ் மூலையிலும் தேதி இருந்தது. தேதி போடும் பழக்கம் அவளுடையது, நான் கற்றுக்கொடுத்ததில்லை. ஜூலை 8 முதல் 29 வரை, மூன்று வாரம்.

நோட்டைப் புரட்டியபோது இந்த 27 பக்கமும் சேர்ந்தே கிடைத்தன. கடிதம் இங்கேதான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டு, தொகுப்பில் அந்தப் பதினொரு முகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 1, 14, 27ஆம் எண்ணுள்ள தூக்குவாளிப் பக்கங்களை நோட்டின் சுருள்கம்பி தெரியும்படியே படமெடுத்துச் சேர்க்கச் சொன்னேன். முதல் படத்தைச் சேர்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இது தப்பாக இருக்கிறதே சார்." "தப்பு தெரிந்தால்தான் நீ அதை எப்படித் தாண்டினாய் என்று நான் எழுதுவதை அவர்கள் நம்புவார்கள்" என்றேன். கடிதமும் தொகுப்பும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும். கடிதத்தில் உள்ள ஒரு செய்தியைத் தொகுப்பில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மற்றதையும் படிப்பவர் நம்புவார்.

குறையை எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் அதிக நேரம் போனது. வண்ணத்தில் அவள் பின்தங்கியவள். தொகுப்பில் மூன்றே மூன்று வண்ணப் படங்கள். தூக்குவாளியை முதன்முதலில் போஸ்டர் கலரில் தீட்டியபோது நிழல் பகுதிக்காக மஞ்சளில் கறுப்பைக் கலந்தாள். மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பாசி படிந்த பச்சை வரும். பித்தளை வாளி கிணற்றில் கிடந்து எடுத்ததுபோல் ஆகிவிட்டது. மஞ்சளின் எதிர்நிறமான ஊதாவைச் சிறிது சேர்த்தால் மஞ்சள் அடங்கி மண் நிறத்துக்குப் போகும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் பிடித்தாள். இன்னும் தயக்கம் இருக்கிறது. இதை மறைத்தால் என்ன? தொகுப்பைப் பார்ப்பவர் வண்ணம் குறைவு என்பதை எப்படியும் கவனிப்பார். நான் அதைப் பேசாமல் விட்டால், ஆசிரியருக்கே தெரியவில்லை போலும் என்றோ, மூடுகிறார் என்றோ தோன்றும். எழுதுவதென்று முடிவு செய்தேன், ஆனால் ஒரே வாக்கியம், அதையும் அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதோடு சேர்த்து. அவளிடம் சொல்லிவிட்டே எழுதினேன்.

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். என் ஆங்கிலம் சிறியது. முதலில் தமிழில் எழுதி, பிறகு தெரிந்த அளவு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றி, எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியையிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். அன்போடு திருத்தினார், ஆனால் அலங்கரித்துத் திருப்பித் தந்தார். "27 முறை வரைந்தாள்" என்பது "விடாமுயற்சியின் மறுஉருவம்" என்ற பொருளில் மாறியிருந்தது. டம்ளர் காணாமல் போயிருந்தது. "சார், சாப்பாட்டு நேரம், டம்ளர் எல்லாம் கடிதத்தில் வந்தால் மரியாதையாக இருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நம் அலுவலகக் கடித மரபு அப்படி. நான் சொன்னேன்: "விடாமுயற்சி என்று எழுதினால் அது என் கருத்து, டீச்சர். 27 என்று எழுதினால் விடாமுயற்சி என்பதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்." வினைச்சொல் ஒருமை பன்மையையும் முன்னிடைச் சொற்களையும் மட்டும் திருத்தித் தந்தார். டம்ளர் திரும்பி வந்தது.

இறுதியாகப் போன கடிதத்தின் தமிழ் வடிவம் இது. மாணவியின் பெயரை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

"நான் 22 ஆண்டுகளாக ஓவிய ஆசிரியர். இந்த மாணவியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளாக, வாரம் இரண்டு பாடவேளையும் சனிக்கிழமைக் காலைகளிலும் கற்பிக்கிறேன்.

என்னிடம் வந்தபோது புகைப்படத்தைப் பார்த்து முகம் வரைவதில் தேர்ந்தவளாக இருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் ஒரு பித்தளைத் தூக்குவாளியை நேரில் பார்த்து வரையச் சொன்னேன். தொகுப்பின் 9, 10, 11ஆம் படங்கள் அந்த வரிசையிலிருந்து எடுத்தவை. முதல் படத்தில் வாளியின் அடி நேர்க்கோடாக இருப்பதைக் காணலாம். பதினான்கு படங்கள் வரை அது மாறவில்லை. நான் விடையைச் சொல்லவில்லை. ஒரு நாள் உணவு வேளையில் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரைக் கண்மட்டத்துக்கு மேலும் கீழும் நகர்த்தி, தண்ணீரின் விளிம்பு திறப்பதையும் மூடுவதையும் அவளே கண்டுபிடித்தாள். அன்று பிற்பகல் வரைந்த படத்தில் அடி வளைந்திருந்தது. விடை கிடைத்த பிறகும் இன்னும் பன்னிரண்டு படங்கள் வரைந்தாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள் மிக நன்றாகச் செய்வது, உலோகத்தின்மேல் விழும் மறுபிம்பத்தை வரைவது. படம் 13இல் அண்டாவின் வயிற்றில் கடை வாசல் வளைந்து தெரிகிறது. அதை அவள் கடையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் குறுக்கே நடக்க நடக்க, ஐந்து மாலைகளில் வரைந்தாள். மூன்று மாலைகள் நான் உடன் இருந்தேன்.

வண்ணத்தில் அவள் இன்னும் தயங்குகிறாள். நிழலுக்குக் கறுப்பைக் கலக்கும் பழக்கத்தை இந்த ஆண்டுதான் விட்டாள். 15ஆம் படம் அதற்குப் பின் தீட்டியது. இந்தப் பயிற்சியை எங்கள் பள்ளியில் முழுமையாகத் தர எனக்கு வசதி இல்லை. எண்ணெய் வண்ணம் இங்கே பாடத்தில் இல்லை.

எனக்குப் பின் இந்த மாணவிக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒன்று சொல்வேன். அவள் கேள்வி கேட்க நேரம் எடுத்துக்கொள்வாள். அமைதியாக இருப்பது புரியாததால் என்று எண்ண வேண்டாம். அவள் அப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்."

ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. பணிவு, ஒழுக்கம் என்ற சொற்கள் இதில் இல்லை. நம் பள்ளியில் 'சொல்லைத் தட்டாதவள்' என்பது உயர்ந்த பாராட்டு. சொந்தமாக ஒன்றைத் தேடும் மாணவரை எதிர்பார்க்கும் கலைக் கல்லூரியில் அதே வாக்கியம், சொன்னதை மட்டும் செய்பவள் என்று படிக்கப்படலாம். கடைசிப் பத்தியை எழுதியதற்கும் அதுவே காரணம். நேர்முகத்தில் அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு இருந்தது.

கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. அவள் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக விண்ணப்பித்தாள். மாணவர் ஆசிரியரின் மின்னஞ்சலைக் கொடுத்தால், ஆசிரியருக்கு நேரடியாக இணைப்பு வரும். கடிதத்தை ஆசிரியர்தான் அதில் ஏற்ற வேண்டும், மாணவர் கையில் போகாது. அதற்கு முன், சேர்ந்த பிறகு கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேனா என்று மாணவர் தெரிவிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. விட்டுக்கொடுத்தால், ஆசிரியர் கூச்சமில்லாமல் எழுதியிருப்பார் என்று கல்லூரி கொள்ளும். நான் பெயர்போன இலவச மின்னஞ்சல் முகவரியை விட்டு, பள்ளியின் பெயருள்ள முகவரியைக் கொடுத்தேன். எழுதியவர் உண்மையான ஆசிரியர்தானா என்ற முதல் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படிவத்தில் ஒரு மதிப்பீட்டு அட்டவணை இருந்தது. சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, நான் சந்தித்தவர்களில் மிகச் சிலருள் ஒருவர், அதாவது முதல் ஒரு சதவீதம் என்பது வரை. பக்கத்தில் இன்னொரு கட்டம், மதிப்பிட அடிப்படை இல்லை என்று. பல ஆசிரியர்கள் முதல் ஒரு சதவீதம் என்ற கட்டத்தையே மேலிருந்து கீழ்வரை டிக் செய்துவிடுகிறார்கள். பாசத்தால்தான். ஆனால் எல்லா வரியிலும் உச்சம் என்றால் எந்த வரிக்கும் பொருள் இல்லாமல் போகிறது. நான் இரண்டே இடத்தில் முதல் ஒரு சதவீதம் என்று குறித்தேன்: தானாக முனைவதிலும், பின்னடைவை எதிர்கொள்வதிலும். எழுத்துத் திறனுக்கு, அடிப்படை இல்லை. அவள் கட்டுரை எதையும் நான் படித்ததில்லை. வகுப்பு விவாதத்துக்கு, சராசரிக்கு மேல் என்று மட்டும். இந்த மாணவியை நினைத்ததும் தோன்றும் முதல் சொற்கள் எவை என்று ஒரு கேள்வி இருந்தது. "மறுபடியும் பார்ப்பவள்" என்று எழுதினேன்.

மார்ச் இறுதியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. உதவித்தொகை படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கியது. மீதியை அப்பாவும் தாய்மாமாவும் பகிர்ந்துகொண்டார்கள். இதில் கடிதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, தொகுப்புதான் முதன்மை. அந்தத் தொகுப்பின் வரிசை கடிதத்தால் மாறியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நான் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தால் எட்டு நடிகர் முகங்கள் முன்னால் போயிருக்கும், 27 வாளிகள் வீட்டுப் பரணில் கிடந்திருக்கும்.

இன்று அந்தக் கடிதத்தைப் படித்தால் ஒன்று குறைகிறது. எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பாத்திரக் கடை, அண்டா என்று எழுதிவிட்டு, கும்பகோணத்தில் பித்தளையும் வெண்கலமும் தெருத்தெருவாக விற்கும் தொழில் என்பதையும், அவள் பிறந்ததிலிருந்து உலோகத்தின் ஒளியைப் பார்த்து வளர்ந்தவள் என்பதையும் சொல்லாமல் விட்டேன். அங்கே இருப்பவருக்கு அண்டா வரைவது ஒரு வகுப்புப் பயிற்சியாகப் பட்டிருக்கலாம். அவளுக்கு அது வீடு. இரண்டு வாக்கியம் போதும், எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒரு மாணவன் வந்தான், வேறொரு நாட்டுக் கல்லூரிக்கு. வரைவதில் இவளைவிடக் கைவேகம் உள்ளவன். நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன், நல்ல படங்களை மட்டும் கிழித்து வைத்திருந்தான், மற்றதைத் தூக்கி எறிந்துவிட்டான். தேதியும் இல்லை. அவன் வளர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் எந்த மாதம், எத்தனை முயற்சி என்று எழுத ஒன்றும் இல்லை. எழுதிய கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. இந்த ஜூன் முதல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் கெட்ட படத்தைக் கிழிக்க நான் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மணி அடித்ததும் வெளியே விடுகிறேன்.